விதி மாற்ற அறிவிப்பில் தேதியை எழுதும் முறை

செலவுத்தொகை கோரும் கெடுவை 60 நாளிலிருந்து 30 நாளாகக் குறைக்கிறோம். குழுவுக்கு எப்படி அறிவிப்பது?

மாற்றத்தையும் தேதியையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். 'ஜூலை 1 முதல்' என்று மட்டும் எழுதினால், ஜூன் 10 அன்று செலவழித்து ஜூலை 20 அன்று ரசீது தருபவருக்கு எந்த விதி பொருந்தும் என்பது தெரியாது. ஆகவே 'ஜூலை 1 அன்றும் அதன் பின்னரும் செய்யும் செலவுகளுக்கு 30 நாள், முந்தையவற்றுக்குப் பழையபடி 60 நாள்' என்று எழுதுங்கள். மாதக் கணக்கை முடித்த பிறகு ரசீதுகள் வருவதுதான் காரணம் என்றால், அதையே கூறுங்கள். 'நிர்வாகக் காரணங்கள்' என்பது சந்தேகத்தையே வளர்க்கும் (பெரும்பாலும் நியாயமாகவே). ஐயம் கேட்பதற்கு, துறையின் பெயரை விட, விதிவிலக்கு அளிக்கும் அதிகாரமுள்ள ஒருவரின் பெயரையும், அவர் விடுப்பில் இருந்தால் அணுக வேண்டியவரையும் குறிப்பிடுங்கள்.