நன்றியுரையில் அவள் பெயரை எப்படிச் சொல்வேன்?

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 59. அடுத்த மாதம் என் ஒரே மகளுக்குத் திருமணம். வரவேற்பு முடியும்போது எல்லோருக்கும் நன்றி சொல்லி நான் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். என் மனைவி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு மகளைத் தாங்கிப் பிடித்தவர் என் மனைவியின் அக்கா. நிச்சயதார்த்தத்தன்று மைக்கை வாங்கி, "இவளுடைய அம்மா" என்று தொடங்கினேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. தொண்டையில் கல்லை வைத்து அடைத்ததுபோல் நின்றேன். யாரோ என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்கள்.

மனைவியைக் குறிப்பிடாமல் பேசினால் அவளுக்குத் துரோகம் செய்வதாகத் தோன்றுகிறது. குறிப்பிட்டால் உடைந்துவிடுவேன். வீட்டிலும் நானும் மகளும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. இருவருமே தாங்க மாட்டோம் என்று விட்டுவிட்டோம். பேசுவதற்கு முன் போட்டுக்கொள்ள மாத்திரை தருகிறேன் என்கிறார் ஒரு நண்பர். இப்போது எழுதி வைத்திருப்பது நான்கு பக்கம். நான் என்ன செய்யட்டும்?

ஒரு தந்தை

அன்புள்ள ஐயா,

வீட்டில் பேசுவதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நான் வெகுநேரம் நின்றேன். நான்கு ஆண்டுகளாக வாய்விட்டுச் சொல்லாத ஒரு சொல்லை, முதல் தடவையாக, ஒரு கூட்டத்தின் முன்னால் மைக்கில் சொல்ல முயன்றிருக்கிறீர்கள். யாருக்குமே குரல் உடைந்திருக்கும். அந்தச் சொல்லை முதலில் சொல்ல வேண்டிய இடம் உங்கள் வீடு. கேட்க வேண்டியவர் உங்கள் மகள்.

ஆகவே உரையை ஒரு வாரம் ஓரமாக வையுங்கள். ஒரு மாலை மகளை அருகில் உட்காரவைத்து, "நன்றியுரையில் அம்மாவைப் பற்றி ஒரு வரி சொல்ல நினைக்கிறேன். அம்மா உனக்குச் செய்ததில் எதைச் சொல்லலாம்?" என்று கேளுங்கள். துக்கத்தைப் பற்றிப் பேச வா என்று அழைத்தால் இருவருமே நழுவிவிடுவீர்கள். இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தேவைப்படுகிறது. தேடும்போது நினைவுகள் தாமாகவே வரும். இருவரும் அழக்கூடும், அழுங்கள். மேடையில் பெருகப் பார்க்கும் கண்ணீரில் ஒரு பெரும் பங்கு அன்றே வடிந்துவிடும். இதையெல்லாம் தாண்டி, அவரும் இந்த நான்கு ஆண்டுகளாக உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் மௌனமாக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். திருமணத்துக்கு முன்பு அந்த மௌனம் உடைவது உரையைவிட உங்கள் இருவருக்கும் முக்கியம்.

தொண்டையை அடைத்த அந்தக் கல்லைப் பற்றியும் சொல்கிறேன். அழுகை முட்டும்போது காற்று தாராளமாக உள்ளே போவதற்காகக் குரல்வளை விரிந்து நிற்கப் பார்க்கிறது. விழுங்கவும் பேசவும் அதே இடம் குறுகி மூடியாக வேண்டும். இந்த இழுபறியைத்தான் கல் என்று உணர்கிறோம். அந்த நேரத்தில் குரலை அழுத்தி வெளியே தள்ளினால் அது இன்னும் இறுகும். ஒரு வாய் தண்ணீர் குடித்து, மூக்கால் மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வாயால் விட்டுவிட்டு, அடுத்த சொல்லைத் தாழ்ந்த குரலில் தொடங்குங்கள். இதற்கு ஐந்தாறு விநாடிகள் ஆகும். உங்களுக்கு யுகமாகத் தோன்றும். எதிரே இருப்பவர்களுக்கு அது ஒரு சாதாரண இடைவெளி.

"அழக்கூடாது" என்று மட்டும் உங்களுக்கு நீங்களே கட்டளை போட்டுக்கொள்ளாதீர்கள். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் ஒரு சோதனை செய்தார். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியடியுங்கள் என்று சிலரிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அழுகையும் அப்படித்தான், காவல் காக்கக் காக்க அங்கேயே மனம் போகும். கண் கலங்கினால் கலங்கட்டும், வரியை முடித்துவிடுவேன் என்பதே உங்கள் இலக்காக இருக்கட்டும். கண்ணீரோடும் பேச முடியும். பேச முடியாமல் செய்வது கண்ணீரை அடக்கும் போராட்டம்தான்.

இனி உரை. நான்கு பக்கம் வேண்டாம் ஐயா. நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 100 சொற்கள் போகும். உங்கள் நான்கு பக்கம் பத்து நிமிடமாவது பிடிக்கும். வரவேற்பின் கடைசியில் விருந்தினர் களைத்திருப்பார்கள், குழந்தைகள் தூங்கிவிழும். அந்த நேரத்து உரைக்கு இரண்டே வேலைகள்: நன்றி சொல்வது, வந்தவர்களை நிறைந்த மனதோடு வழியனுப்புவது. மகள் வளர்ந்த கதை, நீங்கள் பட்ட கஷ்டம், மாப்பிள்ளையிடம் சொல்ல விரும்பும் புத்திமதி எல்லாம் அந்த நான்கு பக்கத்திலேயே இருக்கட்டும். அதைக் கிழித்துவிடாதீர்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

உங்களைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது வரிகளின் வரிசைதான். நிச்சயதார்த்தத்தன்று மிகக் கனமான சொல்லை முதல் வரியிலேயே எடுத்தீர்கள். குரல் பழகுவதற்கு முன்பே பாரம் விழுந்துவிட்டது. கடைசி வரியாக வைத்தாலும் ஆபத்துதான். அந்த நினைப்பிலேயே முன்னால் உள்ளதெல்லாம் தடுமாறும். நடுவுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். அதற்கு முன்னே வாய் தானாகச் சொல்லிவிடும் நன்றிகள் வரட்டும். பின்னே, உயிரோடு எதிரில் இருக்கும் ஒருவரைப் பார்த்துப் பேசும் வரி வரட்டும். ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன்.

"அனைவருக்கும் வணக்கம். உங்கள் வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து, இவ்வளவு நேரம் எங்களோடு இருந்தீர்கள். மிகவும் நன்றி. பல நாட்களாக ஓடியாடி உழைத்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் நன்றி. என் மகளை அன்போடு ஏற்றுக்கொண்ட சம்பந்தி வீட்டாருக்கு மனமார்ந்த நன்றி. இவள் பள்ளிக்குப் போகும் நாளெல்லாம் இவளுடைய அம்மா வாசலில் நின்று, இவள் தெருமுனையில் திரும்பிப் பார்த்துக் கையசைத்த பிறகுதான் வீட்டுக்குள் வருவாள். அதன் பிறகு அந்த வாசலில் வந்து நின்றவர் இவளுடைய பெரியம்மா. அக்கா, உங்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரியது. மாப்பிள்ளை, மகளே, நீங்கள் இருவரும் சேர்ந்து சந்தோஷமாக இருங்கள். எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். நன்றி, வணக்கம்."

வாசல் காட்சி என் கற்பனை. அந்த இடத்தில் உங்கள் மகள் சொல்லப்போகும் நினைவு வரும். ஆனால் அது உங்கள் மனைவி செய்த ஒரு காரியமாக இருக்க வேண்டும். "இன்று அவள் இல்லையே", "மேலிருந்து வாழ்த்துவாள்" போன்ற வரிகள் இழப்பின் பக்கம் திருப்பிவிடும். அங்கே குரல் நிற்காது. வாசலில் நிற்பாள், கையசைப்பாள் என்னும்போது அவர் இருந்த நாட்களில் நிற்கிறீர்கள். சொல்லிப் பாருங்கள், வேறுபாடு தொண்டைக்கே தெரியும். துரோகம் என்று பயந்தீர்களே, அந்த ஒரு காட்சியிலேயே அவர் அந்த மண்டபத்துக்குள் வந்துவிடுவார்.

தனித்து நன்றி சொல்வது பெரியம்மாவுக்கு மட்டும் இருக்கட்டும். ஏழெட்டுப் பேரை வரிசையாகச் சொல்லத் தொடங்கினால் விடுபட்ட ஒன்பதாவது ஆள் மனம் நோவார், உங்களுக்கும் பட்டியல் மறந்துவிடுமோ என்ற பதற்றம் கூடும். மாப்பிள்ளையைத் தனியே அழைத்து, "எனக்கு இருப்பது இவள் ஒருத்திதான்" என்று கைகூப்புவதையும் தவிர்த்துவிடுங்கள். அது நன்றியாகக் கேட்காது. மகளுக்கு, அப்பாவை அநாதையாக விட்டுப் போகிறோம் என்ற குற்ற உணர்வைத்தான் தரும்.

வரி அமைந்ததும் கனமான அந்த வரியை மட்டும் தனியாக எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது. குரல்தான் பழக வேண்டும். முதல் இரண்டு மூன்று தடவை அழுகை வரும். நிறுத்தாதீர்கள். நிறுத்தினால், அந்த வரி ஆபத்தானது என்றுதான் மனம் கற்றுக்கொள்ளும். தினமும் இப்படிச் செய்தால், வரியின் கடைசிச் சொல்வரை குரல் போவது மெல்ல மெல்லக் கைகூடும். அதன் பிறகு பெரியம்மா முன்னிலையில் முழு உரையையும் நின்றபடி ஒருமுறை பேசுங்கள்.

ஒரு வாரமாகியும் அந்த வரி முடியவில்லை என்றால், அதற்கு மாற்றாகச் சின்ன வரி ஒன்று இருக்கிறது: "என் மனைவியின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி." அதிலும் அவர் இருக்கிறார். இதையும் குறிப்பில் எழுதி வையுங்கள். மேடையில் கால் நடுங்கினால் அதைச் சொல்லிவிட்டு நேராகப் பெரியம்மாவிடம் போய்விடலாம்.

குறிப்பை மெல்லிய தாளில் எழுத வேண்டாம்; கை லேசாக நடுங்கினாலும் தாள் படபடத்துக் காட்டிக்கொடுக்கும், அதைப் பார்த்து நீங்கள் மேலும் பதறுவீர்கள். கெட்டியான அட்டையில், பெரிய எழுத்தில், வரிக்கு ஒரு வாக்கியமாக எழுதுங்கள். கனமான வரிக்கு மேலே ஒரு கோடு போடுங்கள். அங்கே ஒரு மூச்சு. அட்டையின் நகல் பெரியம்மாவிடம் இருக்கட்டும். முடியாவிட்டால் நீங்கள் அவர் பக்கம் திரும்ப வேண்டும், அவர் உங்கள் பக்கத்தில் வந்து நின்று மீதியை வாசிக்க வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மைக்கை யாரோ வாங்கிக்கொண்டார்கள் என்ற அந்த நிலை மறுபடி வராது.

மாத்திரை வேண்டாம். படபடப்பைக் குறைக்கும் மாத்திரைகளில் ஒரு வகை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து, இன்னொரு வகை நாக்கையும் நினைவையும் மந்தமாக்கும். எதையானாலும் மருத்துவரைக் கேட்காமல் நண்பர் கையிலிருந்து வாங்காதீர்கள். துக்கத்துக்கு அவை மருந்தும் அல்ல. மகளோடு பேசிய பிறகும் தூக்கமில்லாமலோ, மனைவியின் பொருட்கள் இருக்கும் பக்கமே போக முடியாமலோ இருந்தால், திருமண வேலைகள் முடிந்ததும் ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள்.

அந்த நான்கு பக்கத்துக்கு வருகிறேன். அதை மகளுக்கு எழுதிய கடிதமாகத் திருத்தி எழுதுங்கள். மேடையில் சொல்லக் கூடாது என்று நான் ஒதுக்கியதில் அவருக்கானதெல்லாம் அதில் வரலாம், அம்மா இல்லையே என்ற வரியும்கூட. திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். முகூர்த்தக் காலையில் கொடுத்தால் அவருக்குப் படிக்க நேரமிருக்காது. படித்துவிட்டு வந்து உங்கள் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார அவருக்கு ஒரு மாலையாவது வேண்டும்.

அன்புடன்,
ஆலோசகர்