எட்டை இருபதால் வகுக்காமல் ஏசி வாங்காதீர்கள்

“கிளிநொச்சியில் 300 கனமீற்றர் மருந்துக் களஞ்சியம் கட்டியிருக்கிறோம். காற்றுக் கசிவுச் சோதனையில் மணிக்கு 8 தடவை காற்று மாறுவதாக வந்தது. கசிவுக்கு மட்டும் 12,000 பி.டி.யூ. இயந்திரங்கள் எட்டு வேண்டும் என்கிறார் முகவர். வாங்கலாமா?”

வாங்காதீர்கள். அந்த எட்டு, வாசலில் விசிறி பூட்டி 50 பாஸ்கல் அழுத்தம் கொடுத்தபோது கிடைத்த எண். மணிக்கு 32 கிலோமீற்றர் வேகக் காற்று எல்லாச் சுவரையும் ஒரே நேரத்தில் அறைவதற்குச் சமம் அது. சோளகம் வீசும் நாளிலும் ஒரு பக்கச் சுவரைத்தான் காற்று தள்ளும். முகவர் சோதனை எண்ணை அப்படியே சுமைக் கணக்கில் போட்டுவிட்டார். இது நான் அடிக்கடி காணும் தந்திரம். இயந்திரம் பெருத்தால் தரகும் பெருக்கும்.

நாளாந்தக் கசிவுக்கு அந்த எண்ணை 20ஆல் வகுப்பது வழக்கம். 0.4 வரும்; அதாவது மணிக்கு 120 கனமீற்றர், செக்கனுக்கு 33 லீற்றர். வெளியே 34 பாகை, உள்ளே 24 என்றால் அந்தக் காற்றின் வெப்பத்தை இறக்க 0.4 கிலோவாட் போதும். எங்கள் காற்றில் ஈரம்தான் பெரிய சுமை. ஒரு கிலோ காற்றுக்குப் பத்துக் கிராம் ஈரத்தை நீக்க இன்னும் 1 கிலோவாட் வேண்டும். மொத்தம் 1.4. முகவரின் கணக்கில் இதுவே 28.

பெரிய இயந்திரம் நல்லதுதானே என்று எண்ணாதீர்கள். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் அப்படிப் பூட்டியதைப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஓடி நின்றுவிடும். அறை குளிர்ந்திருந்தது, ஆனால் ஈரம் வடிய நேரமில்லை. மருந்துப் பெட்டிகளின் அட்டை நனைந்து, ஒட்டுத்தாள் விரலோடு கழன்று வந்தது.

ஒரு விடயத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். சோதனையின்போது காற்று வெளியேற்றும் விசிறியின் துவாரத்தை நாடா ஒட்டி அடைத்திருப்பார்கள். பொதி கட்டும் அறையில் அந்த விசிறி நாள் முழுவதும் ஓடினால், அது வெளியே தள்ளும் அளவு காற்று வெடிப்புகள் வழியாக உள்ளே வந்தே தீரும். சோதனை எண்ணில் அது இல்லை. விசிறி செக்கனுக்கு 60 லீற்றர் இழுத்தால் 60ஐயும் 33ஐயும் நேரே கூட்டக்கூடாது; விசிறி இழுக்கும்போது வழமையான கசிவின் ஒரு பகுதி அதற்குள் அடங்கிவிடும். இரண்டையும் தனித்தனியே வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 68 வரும். சுமை 2.9 கிலோவாட், முன்னதைப் போல இரண்டு மடங்கு. அப்போதும் கசிவுக்கு ஒரு 12,000 இயந்திரத்தின் கொள்ளளவு போதும். கூரை, சுவர், விளக்கு, ஆட்களின் வெப்பத்தைத் தனியே கணக்கிட வேண்டும்.

விலைமதிப்பு கேட்டால் தொகையை மட்டும் எழுதிய ஒற்றைத் தாளைத் தருகிறார்கள். கணக்குத் தாள் கேட்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் வரவில்லை. நீங்கள் கேளுங்கள். “50 பாஸ்கல் எண்ணை எதனால் வகுத்தீர்கள்?” என்ற கேள்விக்குப் பதில் எழுதித் தரும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.