பிஎல்டிசி ஃபேன்: காசு திரும்புமா?

"இரண்டு மாசத்துக்கு 540 யூனிட் வருது. நாலு ஃபேனையும் பிஎல்டிசியா மாத்தலாமா?"

நாலும் வேண்டாம் சார். ஹால், படுக்கையறை ஃபேன் இரண்டை மட்டும் மாற்றுங்கள். பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி 30 போல. தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு பில்லுக்கு ஒரு ஃபேனில் 40 யூனிட் மிச்சம். இரண்டு மாற்றினால் 460-க்கு வந்துவிடுவீர்கள். 500-ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணச் சலுகை குறைகிறதே, அதுதான் உங்களைக் கடிக்கிறது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால்கூட 3,000 ரூபாய் ஃபேன் ஒன்றரை வருடம் சொச்சத்தில் காசைத் திருப்பிவிடும். நாலு மணி நேரமே ஓடும் ஃபேனுக்கு ஆறு வருடம் ஆகும். அப்புறம், பழைய சுவர் ரெகுலேட்டரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்; பிஎல்டிசிக்கு ஆகாது.