ஷீட்ல 135, கையில 72

அக்கா வணக்கம்,

சென்னையில ஒரு ஐடி கம்பெனில மேனேஜரா இருக்கேன். ஒன்பது பேர் டீம், க்ளையண்ட் அமெரிக்காவுல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, மூணு வாரத்துக்கு ஒரு ரிலீஸ். எப்பவும் ரெண்டு பேர் மாறி மாறி ப்ரொடக்ஷன் சப்போர்ட்ல இருப்பாங்க. நாலு மாசமா எல்லா சனிக்கிழமையும் டீம் வேலை பாக்குது, வாரத்துல ரெண்டு ராத்திரியும் உக்கார்றாங்க. நியூஜெர்சில இருக்கிற எங்க விபி, "ஒன்பது பேர், 15 நாள், 135 நாள் இருக்கு, நான் கேட்டது 110 நாள் வேலைதான, மிச்சம் 25 நாள் எங்க போகுது"ன்னு கேக்குறார், எனக்கு பதில் சொல்லத் தெரியல. போன வாரம் டீம்ல ஒரு பொண்ணு கால்ல பேசிட்டு இருக்கும்போதே அழுதுட்டாங்க, மூணு வாரமா குழந்தைய தூங்க வைக்கக்கூட முடியலையாம். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்து விபி மெசேஜ் போட்டிருக்காரான்னு போன எடுத்து பாக்குறேன், அப்புறம் தூக்கமே இல்ல. மேல இருக்கிறவங்களுக்கும் கெட்டவன், டீமுக்கும் கெட்டவன். என்ன பண்றது?

பேர் வேண்டாம்.

*

தம்பி,

முதல்ல அந்தப் பொண்ணு. மத்ததெல்லாம் அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம், இது இந்த வாரமே நடக்கணும். அவங்கள சப்போர்ட் ரோஸ்டர்லருந்தும் ராத்திரி கால்லருந்தும் எடுத்துடுங்க, எடுத்துட்டேன்னு அவங்க கிட்ட நேர்ல சொல்லுங்க. "முடிஞ்சா சீக்கிரம் கிளம்புங்கம்மா"ன்னு சொன்னா அவங்க கிளம்ப மாட்டாங்க, ஏன்னா அவங்க கிளம்பினா அந்த வேலை பக்கத்து சீட்டுக்குதான் போகும்னு அவங்களுக்கு தெரியும். ரோஸ்டர்ல அவங்க பேருக்கு பதிலா யார் பேர்னு எழுதி காட்டினாதான் நம்புவாங்க. ஒரு வாரம் உங்க பேரையே போடுங்க.

இப்ப விபி கேட்ட கணக்குக்கு வரேன். அவர் கேள்வி தப்பில்ல தம்பி, அதுக்கு பதில் இருக்கு, இதுவரைக்கும் யாரும் அவருக்கு அத எழுதி காட்டல, அவ்வளவுதான். ஒரு பேப்பர் எடுங்க. 135 நாள்ல ஆளுக்கு ஒரு நாள் லீவுன்னு ரொம்ப குறைச்சலா வெச்சாலே ஒன்பது போச்சு, 126. ரெண்டு பேர் 15 நாளும் சப்போர்ட்ல இருக்காங்க, அது 30 நாள், மிச்சம் 96. இந்த 30 அவர் ஷீட்லயே இருக்காது, ஏன்னா சப்போர்ட்ட அவங்க வேலையாவே எண்றதில்ல, பக்கவாட்டுல நடக்கிற ஏதோ ஒண்ணுன்னு நெனைக்கிறாங்க. அடுத்து, எட்டு மணி நேரத்துல ஸ்டாண்டப், க்ளையண்ட் கால், ரிவ்யூ, மெயில், யாரோ வந்து ஒரு சந்தேகம் கேக்குறது எல்லாம் சேத்து ரெண்டு மணி நேரம் போகும், உங்க டீம்ல மூணா கூட இருக்கலாம், ஒரு வாரம் எண்ணி பாருங்க. ரெண்டுன்னே வெச்சாலும் கால் பங்கு, 24 நாள். மிச்சம் 72.

கேட்டது 110, இருக்கிறது 72, குறையுறது 38 நாள். இந்த 38ஐ யாரு குடுத்தா? மூணு சனிக்கிழமை, ஒன்பது பேர், அது 27 நாள் ஆச்சு. மிச்சம் பதினொண்ணு. வாரத்துக்கு ரெண்டு ராத்திரி ஒன்றரை மணி நேரம்னு ஆளுக்கு ஆள் போட்டா கிட்டத்தட்ட பத்து நாள் வந்துடுது. நீங்களே எழுதியிருக்கிற சனிக்கிழமையும் ராத்திரியும்தான் இது, கணக்கு அப்படியே உக்காருது பாருங்க. 25 நாள் எங்கயும் காணாம போகல, உங்க டீம் 38 நாள் கைக்காசு போட்டு ரிலீஸ ஓட்டிட்டு இருக்கு.

இத ஏன் இவ்ளோ விவரமா சொல்றேன்னா உங்களுக்கு தூக்கம் வராததுக்கு காரணம் இதுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். அந்த 38 நாள் விபிக்கு தெரியாது. டீமுக்கு களைப்பு தெரியும், நம்பர் தெரியாது. முழுசா தெரிஞ்சு, ஆனா யார்கிட்டயும் சொல்லாம சுமக்கிற ஒரே ஆள் நீங்க. மேல போய் "ஆகிடும் சார்", கீழ வந்து "இந்த ஒரு தடவை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்கப்பா", இந்த ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல நீங்க படுத்துட்டு இருக்கீங்க, அங்க எப்படி தூக்கம் வரும்.

நானும் அங்க படுத்திருக்கேன். ஒரு கம்பெனில டெலிவரி மேனேஜரா இருந்தப்ப ஒரு வெள்ளிக்கிழமை கால்ல புதுசா ஒரு ரிப்போர்ட் கேட்டாங்க, முடியாதுன்னு எனக்கு நல்லா தெரியும், வாய் மட்டும் "வீ வில் ட்ரை"ன்னு சொல்லிச்சு. நம்ம ஊர்ல ட்ரை பண்றோம்னா பாதி முடியாதுன்னு அர்த்தம், பேசுறவங்க முகத்த பாத்தே புரிஞ்சுக்குவோம். அவங்க அத ஒத்துக்கிட்டதா மினிட்ஸ்ல எழுதி ராத்திரியே அனுப்பிட்டாங்க. சனிக்கிழமை மத்தியானம் ரெண்டரை மணிக்கு பாத்தேன், டெஸ்டிங் பண்ற பையன் டேபிள்ல டிபன் டப்பா திறக்காமயே இருக்கு, ரப்பர் பேண்ட் கூட எடுக்கல, ஏன் சாப்பிடலன்னு கேட்டா "இந்த பில்ட் வந்துடட்டும் மேடம்"ங்கிறான். அந்த பில்ட் அஞ்சு மணிக்குதான் வந்துச்சு. அதுக்கப்புறம் "ட்ரை பண்றோம்"ங்கிற வார்த்தைய நான் கால்ல சொன்னதே இல்ல. "திங்கக்கிழமை பாத்து சொல்றேன்"னு சொல்லிட்டு திங்கக்கிழமை கரெக்டா நம்பரோட போவேன்.

நீங்களும் நம்பரோட போங்க, ஆனா கால்ல வெச்சு எடுக்காதீங்க, க்ளையண்ட் முன்னாடி எந்த விபியும் பின்வாங்க மாட்டார். அவர் கிட்ட தனியா அரை மணி நேரம் வாங்குங்க. பிபிடி வேண்டாம், 135லருந்து 72 வரைக்கும் இறங்குற அந்த அஞ்சு வரியும் கீழ அவர் கேட்ட வேலைங்க லிஸ்ட்டும் இருக்கிற ஒரே பக்கம் போதும். டீம் கஷ்டப்படுதுன்னு ஆரம்பிச்சா எல்லா டீமும் கஷ்டப்படுதுன்னு பதில் வரும், அதனால நம்பர்லருந்து ஆரம்பிங்க. 72 நாள்ல 62க்கு மட்டும் வேலை எடுத்துக்கிறோம், மிச்சம் பத்த சும்மா விடுறோம்னு சொல்லுங்க. அந்த பத்து எதுக்குன்னு கண்டிப்பா கேப்பார். டிக்கெட் நம்மள கேட்டு வர்றதில்ல, எப்ப வேணா வரும், அப்படி வர்ற வேலைக்கு எளிமையான க்யூ கணக்கு ஒண்ணு இருக்கு: ஆள் 80 சதவீதம் பிசியா இருந்தா ஒரு வேலை தன் முறைக்கு சராசரியா நாலு வேலை முடியுற நேரம் காத்திருக்கும், 90ல ஒன்பது, 95ல பத்தொன்பது. ரேஷன் கடையில சாயங்காலம் அஞ்சு பேர் கூடுதலா வந்தா வரிசை தெருவுக்கு வருதே, அதுதான். முழுசா நிரப்பின டீம்ல ஒரு சின்ன டிக்கெட் வந்தாலே எல்லா தேதியும் நகரும்.

அவர் "எல்லாமே முக்கியம்"னு சொல்லுவார். சொல்லட்டும், ஒத்துக்கோங்க, எல்லாம் முக்கியம் சரி, எது முதல்ல எது ரெண்டாவதுன்னு வரிசை மட்டும் குடுங்க, மேலருந்து 62 வரைக்கும் எடுக்கிறோம்னு கேளுங்க. எத விடணும்னு கேட்டா அவர் பதில் சொல்ல மாட்டார், எது முதல்லன்னு கேட்டா சொல்லுவார், நான் பல தடவை பாத்திருக்கேன். ரெண்டு பேர் எக்ஸ்ட்ரா தரேன்னு சொன்னா வாங்கிக்கோங்க, ஆனா இந்த ரிலீஸ்க்கு உதவாதுன்னு அப்பவே சொல்லிடுங்க. புதுசா வர்றவங்களுக்கு ஆக்சஸ் வந்து சிஸ்டம் புரிய சில வாரம் ஆகும், அது வரைக்கும் உங்க நல்ல ஆள் ஒருத்தரோட நேரத்தத்தான் அவங்க சாப்பிடுவாங்க. மீட்டிங் முடிஞ்ச அன்னிக்கே பேசினத நாலு வரி மெயிலா போடுங்க, அந்த மினிட்ஸ இந்த தடவை நீங்க எழுதுங்க.

இன்னொண்ணும் கையோட எடுத்துட்டு போங்க, ஏன்னா விபிக்கு உறைக்கிறது இதுதான். நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு ரிலீஸ்க்கு அப்புறம் வந்த டிக்கெட் எத்தன, இப்ப எத்தன, அதுல மூடிட்டு திரும்ப திறந்தது எத்தனன்னு எண்ணுங்க. ராத்திரி பதினோரு மணிக்கு எழுதின கோட் பக்-ஆ ப்ரொடக்ஷன்ல வந்து நிக்கும், சப்போர்ட்டுக்கு போற 30 நாள் 36 ஆகும், 72 இன்னும் சுருங்கும், அதுக்கு இன்னொரு சனிக்கிழமை. திரும்ப திறக்கிற டிக்கெட் ரிலீஸுக்கு ரிலீஸ் ஏறிட்டே போச்சுன்னா உங்க டீம் இந்த சுழல்ல மாட்டியிருக்குன்னு அர்த்தம், ஏறலன்னா அத சொல்லாதீங்க, இல்லாதத சொல்லி மாட்டிக்க வேண்டாம்.

அவர் ஒத்துக்கலன்னா? அதுவும் நடக்கும். எனக்கு முதல் தடவை நடந்தது அதுதான், அந்த வருஷம் ரேட்டிங்கும் ஒரு படி இறங்கிச்சு, அத மறைச்சு உங்களுக்கு தைரியம் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா ஒவ்வொரு ரிலீஸ் முடிவிலயும் கேட்டது இவ்ளோ, இருந்தது இவ்ளோ, முடிஞ்சது இவ்ளோன்னு அதே பக்கத்த அனுப்பிட்டே இருந்தேன், மூணாவது பக்கத்துக்கு அப்புறம்தான் லிஸ்ட் வரிசையா வர ஆரம்பிச்சுது. மூணு ரிலீஸ்னா ரெண்டு மாசம். அதுக்கப்புறமும் 72ல 110 வேணும்னு தெரிஞ்சே கேட்டா அது அந்த கம்பெனி எடுத்த முடிவு, அங்க தொடரணுமாங்கிறத நீங்க வீட்ல உக்காந்து பேச வேண்டியதுதான்.

டீமுக்கும் அதே பக்கத்த காட்டுங்க. விபிய திட்டி அவங்க கிட்ட நல்ல பேர் வாங்காதீங்க, நாளைக்கு அவர் குடுக்கிற வரிசையத்தான் அவங்க செய்யணும். "இந்த ஒரு தடவை மட்டும்" இனிமே வேண்டாம், நாலு மாசம் கேட்டாச்சு. ஒரு சனிக்கிழமை தவிர்க்கவே முடியாதுன்னா எந்த சனிக்கிழமை, யாரு, அதுக்கு காம்ப் ஆஃப் எந்த தேதின்னு மூணையும் ஒரே மெயில்ல சொல்லுங்க. தேதி இல்லாத காம்ப் ஆஃப்ப யாரும் எடுத்து நான் பாத்ததில்ல.

தூக்கத்துக்கு ஒண்ணு சொல்றேன். படுக்குறதுக்கு முன்னாடி நாளைக்கு செய்ய வேண்டியத அஞ்சு நிமிஷம் பேப்பர்ல எழுதுங்க, போன்ல வேண்டாம். அமெரிக்காவுல பேலர் யூனிவர்சிட்டில 57 பேர வெச்சு செஞ்சு 2018ல வந்த ஆய்வு, முடிச்ச வேலைய எழுதினவங்கள விட செய்ய வேண்டியத எழுதினவங்க ஒன்பது நிமிஷம் முன்னாடியே தூங்கியிருக்காங்க, விவரமா எழுத எழுத இன்னும் சீக்கிரம். சின்ன ஆய்வுதான், இருந்தாலும் செலவில்லாதது. வாரத்துல மூணு ராத்திரிக்கு மேல முழிப்புன்னு மூணு மாசம் தாண்டியிருந்தா டாக்டர பாருங்க, அது வேலை டென்ஷன்னு விட்டுடுற விஷயம் இல்ல.

போன ஹால்ல சார்ஜ் போட்டுட்டு வந்து படுங்க. இங்க மூணு மணின்னா நியூஜெர்சில கோடை காலத்துல சாயங்காலம் அஞ்சரை, அந்நேரம் அவர் மெசேஜ் போட்டிருந்தாலும் போட்டுட்டு லேப்டாப்ப மூடி வீட்டுக்கு கிளம்பியிருப்பார். நீங்க இருட்டுல உக்காந்து டைப் பண்ற பதில அவர் அடுத்த நாள் காலையிலதான் படிப்பார், அப்ப இங்க சாயங்காலம் மணி ஆறு, நீங்க ஆபீஸ்லதான் இருப்பீங்க.