எண்ணெய் படியும் மலம்: கணையமா, குடலா? கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், ஒரு மாதமாக மலம் மிதக்கிறது. மிதந்தாலே கொழுப்பு செரிக்கவில்லை என்று படித்தேன். எடை குறையவில்லை, வேறு தொந்தரவும் இல்லை. ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குத் தேவையில்லை. மலத்தை மிதக்க வைப்பது அதனுள் சிக்கியுள்ள வாயு. 1972-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த வாயுவை அழுத்தத்தால் சுருக்கியதும் மிதந்த மலம் மூழ்கிவிட்டது. பயறு, பால் போன்றவை மிகும்போது நலமாக இருப்பவருக்கும் இப்படி நேரலாம். கொழுப்பு உறிஞ்சப்படாதபோது அடையாளங்கள் சேர்ந்தே வரும்: மலம் வெளிறி, அளவில் பெருத்து, பீங்கானில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு, பலமுறை தண்ணீர் ஊற்றினாலும் போகாது, நீரின்மேல் எண்ணெய்த் துளிகள் தெரியும், நாற்றம் வழக்கத்தைவிட மிகக் கடுமையாக இருக்கும். இவற்றோடு எடையும் குறைந்தால் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 29 வயது, ஒல்லியான உடல், சர்க்கரை நோய்க்கு இன்சுலினும் மெட்ஃபார்மினும் எடுக்கிறேன். குடிப்பழக்கம் இல்லை. பள்ளி வயதில் அடிக்கடி கடும் வயிற்று வலி வரும். இப்போது மலத்தோடு எண்ணெய் தனியாகப் போகிறது. மாத்திரையின் பக்கவிளைவுதானே?

பதில்: மெட்ஃபார்மின் வயிற்றுப்போக்கைத் தரும், எண்ணெயைத் தராது. சிறுவயது வலி, இளமையில் சர்க்கரை நோய், பிறகு எண்ணெய் மலம் என்ற வரிசையைக் கேட்டதும், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நாங்கள் காணும், குடிப்பழக்கத்தோடு தொடர்பில்லாத, கணையத்தில் கல் உருவாகும் நாள்பட்ட அழற்சியே முதலில் நினைவுக்கு வருகிறது. கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் நொதியின் கணையச் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய பிறகே எண்ணெய் வெளிப்படும் என்பதால், பாதிப்பு பல ஆண்டுகளாக ஓசையின்றி நடந்திருக்கக்கூடும்.

கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதியை மலத்தில் அளக்கும் சோதனையில் தொடங்குங்கள். ஒரே ஒரு மாதிரி போதும். கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் இயல்பு, 100-க்குக் கீழ் கணையக் குறைபாட்டுக்கு வலுவான சான்று, இடைப்பட்டது ஐயத்துக்குரியது. அடுத்தது சி.டி. ஸ்கேன். உங்களுக்கு எலாஸ்டேஸ் 40 என்று வந்து, ஸ்கேனில் கணையக் குழாயில் கற்களும் தெரிந்தால் காரணம் ஏறத்தாழ உறுதியாகிவிடும். அப்போது வைட்டமின் டி அளவையும், வைட்டமின் கே குறைவால் நீளக்கூடிய இரத்த உறைவு நேரத்தையும் பார்க்க வேண்டும். கணைய நொதிகளை ஈடுசெய்யும் நொதி மாத்திரை தொடங்கினால் உணவு நன்றாகச் செரித்து இரத்தச் சர்க்கரை உயரலாம்; எனவே இன்சுலின் அளவை மருத்துவரிடம் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். தண்ணீராக வரும் மாதிரிகளில் எலாஸ்டேஸ் குறைவாகவே காட்டுகிறது. நொதி மாத்திரை எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டுத்தான் மாதிரி தர வேண்டுமா?

பதில்: நீங்கள் கவனித்தது சரி. நீர்த்த மலத்தில் எலாஸ்டேஸும் நீர்த்துவிடும். நலமான கணையம் உள்ளவருக்கும் பொய்யாகக் குறைவு காட்டும். ஓரளவு கெட்டியான மாதிரியை மறுபடி கேட்டு வாங்குங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம். அது பன்றிக் கணையத்திலிருந்து வருவது, வழக்கமான எலாஸ்டேஸ் சோதனையோ மனித நொதியை மட்டுமே இனங்காண்கிறது. மூன்று நாள் மலம் முழுவதையும் சேகரிக்கும் கொழுப்புச் சோதனை வேறு வகை: நாளுக்கு 100 கிராம் கொழுப்பு உண்ணும்போது நாளுக்கு 7 கிராமுக்கு மேல் வெளியேறினால் அதிகம் என்கிறோம். ஆனால் வெறும் வயிற்றுப்போக்கே அந்த எல்லையைத் தாண்டச் செய்யும்; மேலும், கொழுப்பு வீணாவதை அது சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது.

கேள்வி: என் எலாஸ்டேஸ் 430. கோதுமையை நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகு கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தச் சோதனை செய்தேன். இல்லை என்று வந்தது. அப்படியானால் குடலிலும் கோளாறு இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. கோதுமையை விட்டபின், அந்தச் சோதனை இரத்தத்தில் தேடும் எதிர்ப்புப் புரதங்கள் குறைந்துவிடும். இருக்கும் நோயும் இல்லாததுபோலத் தெரியும். மீண்டும் கோதுமை உண்டு, ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரத வகையின் மொத்த அளவோடு சேர்த்து அதே சோதனையைச் செய்யுங்கள். பிறகு தேவையானால் எண்டோஸ்கோபியில் முன்சிறுகுடலிலிருந்து சதைத்துணுக்குகள் எடுக்கலாம். எத்தனை வாரம் உண்ண வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இரண்டு வாரம் போதும் என்பாரும், ஆறு முதல் எட்டு வாரம் கேட்பாரும் உண்டு. தாங்க முடிந்தால் நான் நீண்ட காலத்தையே விரும்புவேன். இதற்கிடையில் மலத்தில் ஜியார்டியா ஒட்டுண்ணிக்கான சோதனையும் செய்துவிடுங்கள். எளிதில் குணமாகும் அந்தக் காரணத்தைத் தவறவிடுவது வருத்தத்துக்குரியது.

கேள்வி: இத்தனை சோதனை எதற்கு? நொதி மாத்திரையைச் சாப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

பதில்: சில மருத்துவர்கள் அப்படிச் செய்கிறார்கள், சோதனை வசதி இல்லாத ஊரில் நானும் அதை முழுமையாக மறுக்க மாட்டேன். ஆனால் சீலியாக் நோயிலும் கணையச் சுரப்பு தற்காலிகமாகக் குறையலாம். மாத்திரையால் மலம் தேறி, குடல் நோய் கவனிக்கப்படாமல் போகும். ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக எண்ணெய் மலமும் எடைக் குறைவும் வந்தால் கணையப் புற்றுநோயும் காரணமாக இருக்கக்கூடும். அவருக்கு மாத்திரை தொடங்கினாலும் சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.