ரெஃபரியாக யாரைப் போடுவது?

கேள்வி: வவுனியா கம்பஸில் மூன்றாம் வருடம், கணினி படிக்கிறேன். கொழும்புக் கம்பனிகளுக்கு இன்டர்ன்ஷிப் போட சீவியில் இரண்டு ரெஃபரி வேணும். துறைத் தலைவரையும் ஊர்ப் பாடசாலை அதிபரையும் போட்டிருக்கிறேன். தலைவருக்கு என்ர முகம் மட்டும்தான் தெரியும். விடுமுறையில் எங்கட ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்புக் கணக்கை எக்செலில் ஏற்றிக் கொடுத்தேன். அந்த முகாமையாளரைப் போடலாமா? ‘என்னைப் பற்றி இப்படிச் சொல்லுங்கோ’ என்று கேட்பது பிழையில்லையா?
– மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, இரண்டு பேரையும் மாற்றுங்கோ. அதிபர் உங்கட ஒழுக்கத்துக்குச் சாட்சி சொல்லுவார். கம்பனிக்காரர் கேட்பது வேறு: வேலையைச் சொன்ன நேரத்துக்கு முடிப்பாவா, பிழை வந்தால் மறைப்பாவா, தெரியாததைக் கேட்பாவா? இதற்குப் பதில் சொல்ல, நீங்கள் வேலை செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் வேணும். துறைத் தலைவர் பெரிய பதவியில் இருந்தாலும் “ஓம், எங்கட மாணவிதான்” என்பதோடு நின்றுவிட்டால், கேட்பவர் அதை நல்ல பதிலாக எடுக்கமாட்டார்.

முதலாவது ரெஃபரியாக, உங்கட குழுச் செயற்றிட்டத்தை மேற்பார்வை செய்த விரிவுரையாளரைப் போடுங்கோ. அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலையே கொடுங்கோ. சொந்த ஜிமெயிலை விட அதில் நம்பிக்கை கூட. இரண்டாவது, சங்க முகாமையாளர். கட்டாயம் போடலாம், அவர் உறவுக்காரர் இல்லையென்றால். அவர் தமிழில் மட்டும் பேசுவாரென்றால் பெயருக்குக் கீழே அதை எழுதிவிடுங்கோ. தமிழ் தெரிந்தவர் கம்பனியில் இல்லாவிட்டாலும் விரிவுரையாளர் இருக்கிறார்.

இருவரிடமும் முதலில் சம்மதம் கேட்கவேணும். “ரெஃபரியாப் போடட்டா சேர்?” என்று மட்டும் கேட்டால் எவரும் மறுக்கமாட்டார். இப்படிக் கேளுங்கோ: “சேர், என்ர வேலையைப் பற்றி நல்லாச் சொல்லுற அளவுக்கு உங்களுக்குத் தெரியுமா? கஷ்டமெண்டால் சொல்லுங்கோ, வேற ஒருவரைக் கேட்கிறன்.” மறுக்க ஒரு வழி விட்டுக் கேட்டால்தான் உண்மையான பதில் வரும். “எந்தக் கம்பனி, என்ன வேலை?” என்று திருப்பிக் கேட்பவர் உங்களுக்காகப் பேசுவார். “பரவாயில்லை, போடு” என்று அவசரமாக முடிப்பவரை நான் போடமாட்டேன்.

சொல்லிக் கொடுப்பது பிழையா என்று கேட்டீர்கள். வசனத்தைச் சொல்லிக் கொடுப்பதுதான் பிழை. இரண்டு ரெஃபரியும் ஒரே வார்த்தையைச் சொன்னால் கேட்பவருக்கு விளங்கிவிடும். நடந்ததை நினைவூட்டுவது பிழையே இல்லை. விரிவுரையாளர் ஒவ்வொரு வருடமும் எத்தனையோ பிள்ளைகளைப் பார்க்கிறார், உங்கட விபரம் அவருக்கு மறந்திருக்கும். சீவியையும் வேலை விளம்பரத்தையும் அனுப்பி, கீழே ஒரு சின்னக் குறிப்பு வையுங்கோ. முகாமையாளருக்கு வட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்:

“ஐயா, தரவு உள்ளிடும் வேலைக்கு ஒரு கொழும்புக் கம்பனிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அவர்கள் உங்களுக்கு எடுக்கலாம். உங்களுக்கு நினைவிருக்கும், அரிசிக் கணக்கு பதிவேட்டோடு ஒத்துவராமல் நின்றது. சில பில்லில் மூட்டையும் சிலதில் கிலோவும் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, எல்லாத்தையும் கிலோவுக்கு மாற்றினேன். முதல் கிழமை ஒரு நாள் கோப்பைச் சேமிக்காமல் விட்டு, அடுத்த நாள் இருந்து திரும்ப ஏற்றினேன். அதையும் கேட்டால் சொல்லலாம்.”

கடைசி வரியைப் பார்த்துப் பயப்படாதேங்கோ. “அவவின்ர குறை என்ன?” என்று கேட்பது வழக்கம். திடீரென்று கேட்டால் நல்ல மனிதரும் தடுமாறுவார், அந்தத் தடுமாற்றமே சந்தேகத்தைக் கொடுக்கும். பிழையையும் அதைத் திருத்திய விதத்தையும் சொன்னால், புகழ்ச்சியை விட நம்புவார்கள். ஏதாவது பாடம் ரிப்பீட் இருந்தால் விரிவுரையாளருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கோ.

எங்கட பக்கத்தில் இதெல்லாம் சரியாக இருந்தும் கெடுவது ஒரு சின்ன விடயத்தால்தான். தெரியாத இலக்கத்திலிருந்து, 011 என்று தொடங்கும் அழைப்பு வந்தால் பலர் எடுப்பதில்லை. விண்ணப்பம் அனுப்பிய அன்றே கம்பனியின் பெயரைச் சொல்லி, “011 இலக்கத்திலிருந்து வரலாம், எடுங்கோ ஐயா” என்று இருவருக்கும் சொல்லுங்கோ. சங்கத்தில் எந்த நேரம் கூட்டம் குறைவென்று முகாமையாளரிடம் கேட்டு, அந்த நேரத்தைச் சீவியில் அவர் இலக்கத்துக்குப் பக்கத்தில் குறித்துவிடுங்கோ. ஊருக்குள் சமிக்ஞை விட்டுவிட்டு வருமென்றால் சங்கத்தின் நிலையான தொலைபேசி இலக்கத்தையும் சேர்க்கலாம்.

நேர்முகத்துக்கு அழைத்தால் அன்றைக்கே இருவருக்கும் ஒரு செய்தி போடுங்கோ. ரெஃபரிக்கு அழைப்பு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். முடிவு எதுவானாலும் அதையும் சொல்லுங்கோ. அடுத்த விண்ணப்பத்துக்கும் இவர்களைத்தான் கேட்கப் போகிறீர்கள்.