டனல் அறுந்தால் இணையமும் நிற்க வேண்டும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டு ரூட்டரில் வி.பி.என். போட்டிருக்கிறேன். நேற்று அது அறுந்தும் இணையம் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் உண்மையான ஐ.பி. வெளியே தெரிந்துவிட்டது. ஏன்? (வெள்ளவத்தை)

பதில்: வி.பி.என். போடும் மறைவழியான டனல் ஏறும்போது பழைய வழி அழிவதில்லை. ஓப்பன்-வி.பி.என். என்ற நிரல் `0.0.0.0/1`, `128.0.0.0/1` என்ற இரண்டு வழிகளைப் பழையதற்கு முன்னால் வைக்கிறது. அந்த நிரல் விழுந்தால் அவையும் போய்விடும், பாக்கெட்டுகள் பழைய வழியில் கிளம்பிவிடும். வயர்கார்ட் என்ற இன்னொரு வகை வி.பி.என்.னில் எதிர்முனை பேசாமல் போனாலும் அதன் டனல் இடைமுகமான `wg0` அப்படியே நிற்கும், அதனால் பாக்கெட்டுகள் அதற்குள்ளேயே மடியும். ஆனால் `wg0` நிறுத்தப்பட்டாலோ, ரூட்டர் எழும்பும்போது அது பிந்தினாலோ அங்கும் கசியும்.

கசிவை அடைக்கும் இடம் ஃபயர்வால். நிமிடத்துக்கொரு முறை டனலைப் பார்த்து, அறுந்திருந்தால் இணையத்தை நிறுத்தும் ஸ்கிரிப்டுகளைப் பலர் கில் சுவிட்ச் என்று பரப்புகிறார்கள். இது எனக்குத் தீராத மனக்குறை. அது பார்க்கும் வரையான நேரம் முழுவதும் வீட்டுப் பாக்கெட்டுகள் வெளியே போய்க்கொண்டிருக்கும். சரியான கில் சுவிட்ச் எதையும் கவனித்துக்கொண்டிருப்பதில்லை. வீட்டு வலயத்திலிருந்து வெளி வலயத்துக்குப் போகும் அனுமதியே அதில் கிடையாது, டனல் இருந்தாலும் சரி, அறுந்தாலும் சரி.

OpenWrt என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரூட்டரில் `vpn` என்றொரு வலயம் உருவாக்கி, `wg0`-ஐ அதில் சேர்த்து, மாஸ்கரேடிங்கைப் போடுங்கள். `uci show firewall | grep '@forwarding'` என்று தட்டி, `lan` என்ற வீட்டு வலயத்திலிருந்து `wan` என்ற வெளி வலயத்துக்குப் போகும் வரியின் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் 0. பிறகு:

```
uci set firewall.@forwarding[0].dest='vpn'
uci commit firewall
service firewall restart
```

ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் பழைய அனுமதியிலேயே ஓடக்கூடும், ஆகவே ரூட்டரை ஒருதரம் மீள இயக்குங்கள். `wan6`-உம் `wan` வலயத்தில்தான் இருக்கும் என்பதால் ஐ.பி.வி6-உம் சேர்ந்து அடைபடும். கையால் `iptables` மட்டும் எழுதியவர்களுக்குக் கசிவது பெரும்பாலும் அங்கேதான்.

சோதிக்க, ரூட்டரில் `ifdown wg0` கொடுத்துவிட்டு, ஃபோனில் மொபைல் டேட்டாவை நிறுத்தி ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்கக் கூடாது. முடிந்ததும் `ifup wg0`.

கேள்வி: நீங்கள் சொல்லும் விதியைப் போட்ட பிறகும் ரூட்டருக்குள் இருந்து `ping 1.1.1.1` பதில் தருகிறதே? (கொட்டாஞ்சேனை)

பதில்: தரத்தான் வேண்டும். அடைத்தது வீட்டுச் சாதனங்கள் ரூட்டரைக் கடக்கும் வழியை. ரூட்டரின் சொந்தப் போக்கையும் அடைத்தால் டனல் எழும்பாது.

கேள்வி: டனல் அறுந்தால் பக்கங்கள் திறப்பதில்லை, ஆனால் கணினியில் `nslookup` பதில் தருகிறது. இதையும் அடைத்தால், கரண்ட் போய் வந்த பிறகு டனல் திரும்ப ஏறுமா? (தெஹிவளை)

பதில்: நல்ல கவனிப்பு. அந்தப் பெயர்த் தேடலைச் செய்வது ரூட்டரின் `dnsmasq`. அது ரூட்டரின் சொந்தப் போக்கு என்பதால் மேலே சொன்ன விதி அதைத் தொடாது. நீங்கள் எந்தத் தளத்தைத் தேடினீர்கள் என்பது இணையக் கொம்பனிக்குத் தெரிந்துவிடும். `wan`, `wan6` இரண்டிலும் `peerdns`-ஐ 0 ஆக்கி, வி.பி.என். தரும் டி.என்.எஸ். முகவரியை `wg0`-இல் எழுதுங்கள். `wg0` விழும்போது அந்த முகவரியும் விலகிவிடும்.

அதன் பிறகு டனல் இல்லாமல் எந்தப் பெயரும் ரூட்டருக்குத் தெரியாது. எனவே எதிர்முனையைப் பெயரால் அல்ல, ஐ.பி. எண்ணால் கொடுக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. பல ரூட்டர்களில் மின்கலம் உள்ள கடிகாரம் இல்லாததால் நேரம் பின்னுக்குப் போய்விடும். வயர்கார்ட் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேர முத்திரை அனுப்புகிறது. முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரையை எதிர்முனை ஏற்காது. நேரத்தைத் திருத்தும் என்.டி.பி. சர்வரையும் பெயரால் எழுதியிருந்தால் அதைத் தேட டி.என்.எஸ். இல்லை, டி.என்.எஸ்.ஸுக்கு டனல் இல்லை. `162.159.200.1` போல என்.டி.பி. முகவரி ஒன்றை எண்ணாகவே சேர்த்து, அந்த எண்ணுக்கு மட்டும் `wan` வழியாக ஒரு நிலையான வழியும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பாக்கெட்டுகளும் ஏறாத `wg0`-க்குள்ளேயே மடியும். ஏறாமல் நின்றால் முதலில் `date` தட்டிப் பாருங்கள்.

கேள்வி: எல்லா வி.பி.என்.னும் வேலை செய்யும் என்று சொல்லி பம்பலப்பிட்டியில் ஒரு ரூட்டரைத் தலையில் கட்டிவிட்டார்கள். 'பாஸ்த்ரூ' மட்டும்தான் இருக்கிறது. (பம்பலப்பிட்டி)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், பிழை உங்களுடையதல்ல. பாஸ்த்ரூ என்றால் உங்கள் கணினி போடும் டனலை ரூட்டர் மறிக்காது என்பது மட்டுமே. 'சர்வர்' என்று இருந்தாலும் வெளியிலிருந்து வீட்டுக்குள் வரத்தான் உதவும். நானும் வாங்கிய அப்படி ஒன்று பயன்படாமல் கிடக்கிறது. உங்களுக்குத் தேவை 'கிளையண்ட்'. அந்த மாடலின் சரியான வெர்ஷன் எண் OpenWrt ஆதரவுப் பட்டியலில் இருந்தால் அதை ஏற்றலாம், ஆனால் ஏற்றினால் கடை உத்தரவாதத்தை மறுக்கக்கூடும். ஆகவே முதலில் பற்றுச்சீட்டோடு போய் மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.